அந்த 38 பேரும் ஒரே நாளில் சேர்ந்தார்களா?

2025 மே மாதம். கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் வருடாந்திரத் தணிக்கைக்காக உட்கார்ந்திருந்தேன். பெயர் வேண்டாம். கணக்குப் பிரிவில் ஒரு எக்செல் தாளைக் கொடுத்தார்கள். தொழிலாளர் எண், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, மாதச் சம்பளம் என்று நான்கே பத்தி, 412 வரி. அந்தத் தாளை வைத்துத்தான் ஆக்சுவரி பணிக்கொடைப் பொறுப்பைக் கணக்கிட்டு, 3 கோடியே 86 லட்சம் ரூபாய் என்று அறிக்கை கொடுத்திருந்தார்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தாள் கைக்கு வந்ததும் ஒவ்வொரு பத்தியையும் ஏறுவரிசையில் அடுக்கிப் பார்ப்பேன். சேர்ந்த தேதியை அடுக்கியபோது 01-04-2015 என்ற தேதி வரிசையாக ஓடிக்கொண்டே இருந்தது. எண்ணினேன், 38 பேர்.

ஹெச்.ஆர். மேலாளரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அன்னிக்கு ஒரே நாள்ல 38 பேரை எடுத்தீங்களா சார்?"

அவர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இல்லீங்க சார். அது நம்ம பழைய ஃபவுண்டரி ஆளுங்க. அந்த யூனிட்டை இதுல சேர்த்த தேதி அது. சாஃப்ட்வேர்ல அப்படியே ஏத்திட்டாங்க."

"அவங்க பழைய சர்வீஸ் தொடருதா?"

"ஒப்பந்தத்துலயே இருக்கு சார். தொடருது."

தொடர்கிறது என்றால், அந்த 38 பேருக்கும் 2015-க்கு முன்னால் உழைத்த வருடங்களுக்கும் பணிக்கொடை உண்டு. சராசரியாக ஆளுக்கு ஒன்பது வருடம். அவர்களின் சராசரிச் சம்பளத்துக்கு ஒரு வருடப் பணிக்கொடை 12,000 ரூபாய் வருகிறது. 38-ஐ ஒன்பதால் பெருக்கி 12,000-ஆல் பெருக்கினால் 41 லட்சத்துச் சொச்சம். இன்றைய சம்பளத்தில் போட்ட மனக்கணக்குதான், ஆனாலும் விடுபட்டது எவ்வளவு பெரிது என்று காட்டிவிடும். ஆக்சுவரி தவறு செய்யவில்லை. கொடுத்ததை வைத்துச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலேயே அது எழுதியிருந்தது: விவரங்களை நிறுவனம் தந்தது, அவற்றை நாங்கள் தணிக்கை செய்யவில்லை.

ஆக்சுவரி யார் என்று வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளில் பிரீமியம் எவ்வளவு என்று தீர்மானிக்கிற கணித வல்லுநர்கள் இவர்கள். யார் எந்த வயதில் இறப்பார், எத்தனை பேர் வேலையை விட்டுப் போவார்கள் என்பதையெல்லாம் நிகழ்தகவாக எடுத்துக்கொண்டு, பல வருடம் கழித்துக் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்று என்ன மதிப்பு என்று சொல்கிறவர்கள். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டின் ஆக்சுவரிகள் சட்டத்தின்கீழ் இவர்களுக்கென்று தனிக் கழகம் இருக்கிறது. தொழில் நடத்த அதன் சான்றிதழ் வேண்டும்.

பணிக்கொடைக்கு இவர் எதற்கு? 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரம் எளிதானது. கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த வருடங்களால் பெருக்க வேண்டும். உச்சவரம்பு 20 லட்சம். சாவு, ஊனம் தவிர மற்றபடி ஐந்து வருடம் முடித்திருக்க வேண்டும். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். சிக்கல் 'கடைசியாக' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. இன்று வேலை செய்கிறவர் கடைசியாக வாங்கப்போகும் சம்பளம் எவ்வளவு என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் இதுவரை உழைத்த வருடங்களுக்கான கடனை இந்த வருடக் கணக்கிலேயே காட்டியாக வேண்டும்.

அந்தத் தாளிலிருந்த ஒரு லேத் தொழிலாளியையே எடுத்துக்கொள்வோம். வயது 40, சர்வீஸ் 12 வருடம், அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து 26,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு 15,000 வீதம், இன்றைக்கு விலகினால் 1,80,000 ரூபாய் கொடுக்க வேண்டும். அவர் 58 வயதில் ஓய்வுபெறுவார் என்று வையுங்கள். இன்னும் 18 வருடம். சம்பளம் வருடத்துக்கு 6 சதவீதம் ஏறினால் அன்றைக்கு 74,000-க்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அந்தச் சம்பளத்தில், இதுவரை உழைத்த 12 வருடத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 5 லட்சத்து 14 ஆயிரம். பதினெட்டு வருடம் கழித்துக் கொடுக்கப்போகிற அந்தப் பணத்தை 7 சதவீத வட்டியில் இன்றைக்கு இழுத்துக் கொண்டுவந்தால் 1,52,000 ரூபாய். இடையில் சாவு, விலகல் ஆகியவற்றின் நிகழ்தகவையும் சேர்த்து இதே கணக்கை 412 பேருக்கும் போட்டுக் கூட்டியதுதான் அந்த 3 கோடியே 86 லட்சம்.

இப்போது அந்த இரண்டு சதவீதங்களை மட்டும் அசைத்துப் பாருங்கள். சம்பளம் 6-க்குப் பதில் 8 சதவீதம் ஏறும் என்று வைத்தால், 1,52,000 என்பது 2,13,000 ஆகிறது. வட்டியை 7-லிருந்து 6.6 ஆக இறக்கினால் 2,28,000-ஐத் தொடுகிறது. அதே தொழிலாளி, அதே நாள், அதே சட்டம். கடன் மட்டும் பாதி அளவு கூடிவிட்டது. லாபத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்ட நினைக்கிற நிர்வாகத்துக்கு இதைவிட வசதியான இடம் கணக்குப் புத்தகத்தில் வேறு இல்லை. பில் வேண்டாம், சரக்கு வேண்டாம், ஒரு சதவீதத்தை மாற்றி ஆக்சுவரிக்கு மின்னஞ்சல் அனுப்பினால் போதும்.

அந்த அனுமானங்கள் ஆக்சுவரியுடையவை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆடிட்டர்களிலேயே சிலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கணக்கியல் தரநிலைப்படி அவை நிர்வாகத்துடையவை. ஆக்சுவரி ஆலோசனை சொல்லலாம், பொருந்தாததைச் சுட்டிக்காட்டலாம். எத்தனை சதவீதம் என்று தீர்மானிப்பதும் அதற்குப் பொறுப்பேற்பதும் கம்பெனி. அதனால்தான் தணிக்கைத் தரநிலை எஸ்.ஏ. 500, நிர்வாகம் அமர்த்திய வல்லுநரின் வேலையை ஆதாரமாக எடுத்துக்கொள்வதற்கு முன் மூன்று காரியங்களைச் செய்யச் சொல்கிறது: அவருடைய தகுதியையும் நடுநிலையையும் பார்க்க வேண்டும், அவர் என்ன செய்தார் என்று புரிந்துகொள்ள வேண்டும், அது இந்த இடத்துக்குப் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும். முதலாவதற்குச் சான்றிதழைப் பார்த்து, கம்பெனியோடு அவருக்கு வேறு கொடுக்கல் வாங்கல் இருக்கிறதா என்று விசாரித்தால் ஓரளவு முடிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். அறிக்கையின் பிரதியைக் கோப்பில் போட்டு 'ஆக்சுவரி சான்றின்படி' என்று டிக் அடித்துவிட்டுப் போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது தணிக்கை அல்ல, தபால் பட்டுவாடா.

திரும்பவும் அந்தத் தாளுக்கு வருகிறேன். தாளில் 412 பேர், மார்ச் மாதச் சம்பளப் பட்டியலில் 417. வித்தியாசமான ஐந்து பேரும் மார்ச்சில் சேர்ந்த பையன்கள், அவர்களால் தொகை மாறாது. ஆனால் சம்பளப் பட்டியலோடு மட்டும் ஒப்பிட்டால் ஒரு ஓட்டை இருக்கிறது. சம்பளமே வாங்காமல் வேலையில் இருப்பவர் இரண்டிலும் வரமாட்டார். அதனால் மஸ்டர் ரோலையும் எடுத்துப் பார்த்தேன். 22 வருட சர்வீஸ் உள்ள ஒருவர் பக்கவாதம் வந்து எட்டு மாதமாகச் சம்பளமில்லா விடுப்பில் இருந்தார். அவருக்கு அன்றைக்கே 3 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் சேர்ந்திருந்தது. நோயில் படுத்திருக்கிற மனிதர் எக்செல்லில் காணாமல் போயிருந்தார்.

சேர்ந்த தேதிகளைப் பி.எஃப். பதிவோடு ஒப்பிட்டேன். அது கம்பெனிக்கு வெளியே இருக்கிற பதிவு என்பதால் மதிப்பு அதிகம். அந்த 38 பேரின் பழைய தேதிகளும் அங்கே அப்படியே இருந்தன. சம்பளப் பத்தியை நியமனக் கடிதங்களோடும் கடைசி ஊதிய ஒப்பந்தத்தோடும் பார்த்தேன். இந்தக் கம்பெனியில் அது சரியாகவே இருந்தது. பல இடங்களில் பஞ்சப்படியை விட்டுவிட்டு அடிப்படைச் சம்பளத்தை மட்டும் அனுப்பிவிடுவார்கள். நூல் மில்களைப் போலப் பஞ்சப்படி பெரிதாக இருக்கிற தொழில்களில் அந்த ஒரு பத்தி போதும், கணக்கு கவிழ்ந்துவிடும்.

அடுத்தது வட்டி. கம்பெனி 7 சதவீதம் வைத்திருந்தது. எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டால், "போன வருஷமும் அதுதான் சார்" என்றார் கணக்கு மேலாளர். இந்தியாவில் இந்த வட்டி, கணக்கு முடிக்கிற நாளன்று அரசுக் கடன் பத்திரங்கள் தருகிற வருமானமாக இருக்க வேண்டும். தொழிலாளர்களுக்குச் சராசரியாக எத்தனை வருடத்தில் பணம் போகுமோ, ஏறத்தாழ அத்தனை வருடத்துப் பத்திரமாகப் பார்த்து எடுக்க வேண்டும். 2024 மார்ச் கடைசியில் பத்தாண்டுப் பத்திரம் 7 சதவீதத்தை ஒட்டி நின்றது உண்மை. 2025 மார்ச் கடைசியில் அது 6.6-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. இதில் விவாதிக்க ஒன்றுமில்லை. சந்தை விலை எல்லோருக்கும் தெரியும்படி வெளியாகிறது. மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

சம்பள உயர்வில்தான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 6 சதவீதம் என்ற அனுமானம் தப்பு என்று எதை வைத்துச் சொல்வது? எதிர்காலத்தைப் பற்றிய பேச்சாயிற்றே. இங்கேதான் ஆக்சுவரியின் அறிக்கையே ஆடிட்டருக்குக் கை கொடுக்கிறது. ஒவ்வொரு அறிக்கையிலும் ஒரு சமன்பாட்டு அட்டவணை இருக்கும். வருட ஆரம்பத்துப் பொறுப்பு, இந்த வருட உழைப்புக்காகச் சேர்ந்தது, வட்டி, கொடுத்த பணிக்கொடை, கடைசியில் 'ஆக்சுவரியல் நட்டம் அல்லது லாபம்'. அந்தக் கடைசி வரி இரண்டாகப் பிரியும். ஒன்று, அனுமானத்தையே மாற்றியதால் வந்த வித்தியாசம். மற்றது, நினைத்தது ஒன்று நடந்தது ஒன்று என்பதால் வந்தது. இதை அனுபவ நட்டம் என்பார்கள். சம்பளம் 6 ஏறும் என்று நினைத்தோம், 9 ஏறிவிட்டது என்றால் அது இந்த வரியில் வந்து விழும்.

அனுமானம் நேர்மையானது என்றால், அனுபவ வரி ஒரு வருடம் லாபமும் ஒரு வருடம் நட்டமுமாக ஆடும். இந்தக் கம்பெனியின் மூன்று வருட அறிக்கைகளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். 14 லட்சம் நட்டம், 17 லட்சம் நட்டம், 21 லட்சம் நட்டம். வருடா வருடம் ஒரே பக்கம் சாய்கிற தராசை யாரும் சரியான தராசு என்று சொல்லமாட்டார்கள். அவர்களுடைய மூன்று வருட ஊதிய ஒப்பந்தங்கள் இரண்டைப் புரட்டினால், ஆண்டுக்குச் சராசரி 8 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது.

நிர்வாக இயக்குநர் ஆர்டர் குறைகிறது, இனி அப்படி ஏறாது என்றார். அது நியாயமான வாதமாகவும் இருக்கலாம். ஆனால் அதே கூட்டத்தில் வங்கிக் கடனுக்காக அவர்கள் தயாரித்திருந்த ஐந்தாண்டு மதிப்பீட்டை எடுத்து வைத்தோம். அதில் தொழிலாளர் செலவு ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். வங்கிக்கு ஒரு எதிர்காலம், ஆக்சுவரிக்கு ஒரு எதிர்காலம் என்று வைத்துக்கொள்ள முடியாது. கடைசியில் 7.5 சதவீதத்தில் நின்றது. எனக்கு அது கொஞ்சம் குறைவாகவே பட்டது. ஆனால் நியாயமான வரம்புக்குள் இருந்தது. ஆடிட்டர் தன் எண்ணை நிர்வாகத்தின்மேல் திணிக்க முடியாது, வரம்புக்கு வெளியே போனால்தான் தடுக்க முடியும்.

விலகல் விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது கூடினால் பொறுப்பு குறையும் என்று பொதுவாக நம்புகிறார்கள். ஐந்து வருடம் முடிக்காத இளைஞர்களுக்கு அது உண்மை, அவர்கள் போனால் ஒன்றும் கொடுக்க வேண்டாம். ஐந்து வருடம் தாண்டியவர் போனால் பணம் முன்கூட்டியே போகிறது, அவ்வளவுதான். நம் லேத் தொழிலாளிக்கு முதல் கணக்கில் 1,52,000 வந்தது. அவர் நாளைக்கே விலகினால் 1,80,000 கொடுக்க வேண்டும். ஆகவே எல்லா வயதுக்கும் சேர்த்து 10 சதவீதம் என்று ஒரே எண்ணைப் போட்டிருந்தால் விலகியவர்களின் பதிவேட்டை வயதுவாரியாகப் பிரித்துக் கேட்க வேண்டும். பெரும்பாலும் 25 வயதுக்காரர்கள் கூட்டமாகப் போவார்கள், 45 வயதுக்காரர் நகரமாட்டார்.

திருத்திய தாளோடும் திருத்திய சதவீதங்களோடும் ஆக்சுவரி மறுபடி கணக்கிட்டபோது 5 கோடியே 4 லட்சம் வந்தது. ஒரு கோடியே 18 லட்சம் கூடுதல். இதை அப்படியே ஒரே வரியில் எழுதிவிட முடியாது. வட்டியையும் சம்பள உயர்வையும் மாற்றியதால் வந்த பகுதி மதிப்பீட்டு மாற்றம், அது இந்த வருடச் செலவு. அந்த 38 பேரின் விடுபட்ட வருடங்கள் மதிப்பீட்டு மாற்றம் அல்ல. பதிவேட்டில் உண்மையான தேதி இருந்தும் கணக்கில் வராமல் போனது, ஆகவே அது பிழை. ஏ.எஸ். 15 பின்பற்றும் இந்தக் கம்பெனியில் அதை முந்தைய காலத்துப் பிழை என்று தனியாக எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. இன்ட் ஏ.எஸ். பின்பற்றும் பெரிய கம்பெனியாக இருந்தால் பழைய வருட எண்களையே திருத்தி அச்சிட்டிருக்க வேண்டும். நிர்வாகங்கள் இந்த இடத்தில் கெஞ்சும். எல்லாவற்றையும் 'ஆக்சுவரியல் நட்டம்' என்ற ஒரே போர்வைக்குள் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாதே.

2025 நவம்பர் 21-இல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்ததும் சம்பளப் பத்தியின் பொருளே மாறிவிட்டது. பணிக்கொடைக்கு எடுக்கிற ஊதியத்தில் சேராத படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியையும் ஊதியமாகவே எடுக்க வேண்டும். மாதம் 40,000 வாங்குகிறவருக்கு அடிப்படை 14,000, மீதி 26,000 படிகள் என்று வையுங்கள். படிகள் 20,000-ஐத் தாண்டிய 6,000 சேர்ந்து ஊதியம் 20,000 ஆகிறது. ஒரு வருடப் பணிக்கொடை 8,077-லிருந்து 11,538 ஆகிறது. கடைசி ஊதியத்தில்தான் எல்லா வருடமும் கணக்கிடப்படும் என்பதால், பத்து வருடம் முன்னால் உழைத்த வருடமும் புது விலைக்கு ஏறிவிடுகிறது. படிகளாகப் பிரித்துப் பிரித்துச் சம்பளம் கொடுத்த கம்பெனிகளுக்கு இது பெரிய அடி. குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்கப்பட்டவர்களுக்கு ஒரு வருடத்திலேயே உரிமை வந்துவிடுகிறது. ஆகவே இனிமேல் ஆடிட்டர் தாளைக் கேட்கும்போது, சம்பளப் பத்தி எந்த விளக்கப்படி நிரப்பப்பட்டது, ஒப்பந்தக் காலத் தொழிலாளர்கள் உள்ளே இருக்கிறார்களா என்று இரண்டையும் கேட்டாக வேண்டும்.

ஓய்வூதியம் பற்றிச் சுருக்கமாக. தனியார் கம்பெனி ஊழியர்களில் பெரும்பாலோருக்கு வருவது இ.பி.எஃப்.ஓ. நடத்தும் பென்ஷன். கம்பெனி மாதாமாதம் தன் பங்கைக் கட்டிவிட்டால் அதன் கடமை முடிந்தது, ஆக்சுவரி தேவையில்லை. சிக்கல், பென்ஷனைத் தாமே கொடுக்கும் நிறுவனங்களில். 2010 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த பொதுத்துறை வங்கி ஊழியர்கள் இதற்கு நல்ல உதாரணம். பணிக்கொடையில் பணம் ஒருமுறை போய் முடிந்துவிடும். பென்ஷனில் மனிதர் எத்தனை நாள் இருக்கிறாரோ அத்தனை நாளும், அவருக்குப் பின் துணைவிக்கும் போகும். ஆகவே இங்கே பெரிய கேள்வி ஆயுள். ஓய்வூதியர்கள் அட்டவணை சொல்வதைவிட அதிகம் வாழ்ந்தால் பொறுப்பு வீங்கும். ஆடிட்டர் முதலில் பார்க்க வேண்டியது நவம்பரில் ஓய்வூதியர்கள் கொடுக்கும் வாழ்வுச் சான்றிதழ்களை. இறந்தவர் பட்டியலில் இருந்தால் பொறுப்பு கூடித் தெரியும், குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவியின் வயது காலியாக விடப்பட்டிருந்தால் ஏதோ ஒரு வயதை வைத்துக் கணக்கு ஓடும்.

விதி மாறினால் எவ்வளவு பெரிய தொகை வரும் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2020-இல் கையெழுத்தான வங்கி ஊழியர் ஒப்பந்தத்தில் குடும்ப ஓய்வூதியத்தைக் கடைசிச் சம்பளத்தில் ஒரே சீராக 30 சதவீதமாக்கினார்கள். கூடுதல் பொறுப்பை ஒரே வருடத்தில் தாங்க முடியாது என்று வங்கிகள் கேட்க, ஐந்து வருடத்துக்குள் பிரித்து எழுதிக்கொள்ள 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அந்த வருடங்களின் வங்கி ஆண்டறிக்கைகளில், இன்னும் எழுதாமல் விட்ட தொகை எவ்வளவு என்று குறிப்புகளில் போட்டிருப்பார்கள். பங்கு வாங்குகிறவர்கள் லாபத்தைப் பார்ப்பதற்கு முன் படிக்க வேண்டிய வரி அது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். உங்கள் சம்பளச் சீட்டிலோ பி.எஃப். கணக்கிலோ சேர்ந்த தேதி இருக்கும். கம்பெனி கைமாறியிருந்தாலோ, யூனிட் இணைக்கப்பட்டிருந்தாலோ, சாஃப்ட்வேர் மாறியிருந்தாலோ அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தப்பாக இருந்தால் வாய்ச்சொல்லாக விட்டுவிடாமல், நியமனக் கடிதத்தின் நகலோடு ஹெச்.ஆருக்கு எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மார்ச் முடிவதற்குள் கொடுத்தால் அந்த வருடத் தாளிலேயே சரியாகிவிடும்.